பழைய காசைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

கேள்வி: "உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர். தாத்தாவின் மரப்பெட்டியில் துணியில் முடிந்து 12 செம்புக் காலணாவும் 5 வெள்ளி ரூபாயும் கிடைத்தன. செம்பு கறுத்து, சிலது பச்சை பிடித்திருக்கிறது. இரண்டு காலணாவைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன், புதுசு மாதிரி ஆகிவிட்டது. மற்றதையும் தேய்த்து, வெள்ளிக்கு பாலிஷ் போட்டு விற்கலாம் என்று இருக்கிறேன். ஒருவர் அப்படிச் செய்தால் விலை போகாது என்கிறார். உண்மையா?"

உண்மைதான். மிச்சம் இருக்கும் பத்துக் காலணாவையும் ஐந்து ரூபாயையும் இப்போதைக்கு அப்படியே விட்டுவிடுங்கள். தேய்த்த இரண்டுக்கு என்ன செய்வது என்று கடைசியில் சொல்கிறேன். அதிலும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

மதுரையில் ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான். காசு சேர்க்கும் பழக்கம் முப்பது வருஷத்துக்கு மேல். உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. காசு வாங்குகிறவன் எதற்குப் பணம் கொடுக்கிறான், பளபளப்புக்கா? வீட்டில் வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குகிறோம், அது மின்னினால்தான் நமக்குத் திருப்தி. ஆனால் குத்துவிளக்கின் மேல்தோலை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. அது போனால் கீழே இன்னொரு தோல், அதுவும் பித்தளைதான். காசில் அப்படி இல்லை. நாணயச்சாலையில் அச்சு அடித்தபோது உலோகம் எப்படி ஓடி எப்படி உறைந்ததோ, அந்த மேல்தோலும் அதன் மேல் நூறு வருஷமாகப் படிந்த படலமும்தான் விற்பனைக்கு இருக்கும் பொருள். அதைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது எடைக்கு எடை செம்பு அல்லது வெள்ளி.

செம்பிலிருந்து ஆரம்பிப்போம், உங்களிடம் அதுதான் அதிகம். புதுச் செம்பு இளஞ்சிவப்பாக இருக்கும். காற்று பட்டதும் அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிறது. முதலில் செம்பழுப்பு, நாளாக நாளாக அடர்பழுப்பு, கறுப்பு. ஈரம், எண்ணெய், வியர்வை சேர்ந்தால் பச்சை. அந்தப் பச்சையைத்தான் நாம் களிம்பு என்கிறோம். சைவ சித்தாந்தத்தில் உயிரோடு ஒட்டிய ஆணவத்துக்குச் செம்பில் களிம்பை உவமை சொல்வார்கள், போக்க வேண்டிய ஒன்றாக. காசுக்காரர்களுக்கு இந்த உவமை கொஞ்சம் சங்கடமானது. எங்களுக்கு வேண்டாதது களிம்பில் சில வகை மட்டும்தான். அந்தப் பழுப்புப் படலம் வேண்டும். அது செம்போடு ஒட்டி வளர்ந்தது, கீழே உள்ள உலோகத்தைக் காற்றிலிருந்து ஓரளவு காப்பதும் அதுதான்.

புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். இரண்டுமே ஆக்சைடை நன்றாகக் கரைக்கும். பிரச்சினை என்னவென்றால் அந்த ஆக்சைடு உங்கள் காசின் செம்பிலிருந்து உண்டானது. அதைக் கரைத்தால் காசின் பழைய மேற்பரப்பு அதோடு போய்விடுகிறது. வெளியே வருவது நாணயச்சாலையில் அச்சுக்கு அடியிலிருந்து வந்த பரப்பு இல்லை, அமிலம் அரித்த ஒரு புதுப் பரப்பு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மணல் மணலாக, நுண்ணிய குழிகளோடு இருக்கும். நிறமும் காட்டிக்கொடுத்துவிடும். நாணயச்சாலையிலிருந்து வந்த சிவப்பு வேறு, புளி போட்ட இளஞ்சிவப்பு வேறு. பழக்கப்பட்ட கண்ணுக்கு அந்த இளஞ்சிவப்பு தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

புளியை விட எனக்குக் கவலை நீங்கள் சேர்த்த உப்பு. உப்பில் இருக்கும் குளோரைடு செம்பின் நுண்துளைகளில் தங்கிவிட்டால், ஈரமும் காற்றும் பட்டதும் செம்போடு சேர்ந்து வெளிர்பச்சைத் தூளாக மாறுகிறது. அப்படி மாறும்போது கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். அந்த அமிலம் அடுத்த அடுக்குச் செம்பைத் தின்னும், மறுபடி தூள், மறுபடி அமிலம். வெண்கல நோய் என்று அருங்காட்சியகக்காரர்கள் சொல்வது இதைத்தான். எல்லாத் தேய்த்த காசிலும் இது வரும் என்று நான் பயமுறுத்தவில்லை. நன்றாகக் கழுவி உலர்ந்த இடத்தில் வைத்தால் வராமலே போகலாம். ஆனால் உப்பு போட்டுவிட்டுக் குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு அலசி வைத்த காசுகள் ஐப்பசி மழைக்கு அப்புறம் புள்ளி புள்ளியாகப் பூத்து நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளிக்கு வருவோம். இதில் என் சொந்த முட்டாள்தனத்தைத்தான் சொல்ல வேண்டும். சேர்க்க ஆரம்பித்த புதிதில் எனக்கு ஒரு 1862 விக்டோரியா ரூபாய் கிடைத்தது. அதிகம் புழங்காத காசு. ஓரத்தில் நீலமும் சாம்பலுமாக ஒரு படலம், நடுவில் மங்கலான மினுமினுப்பு. எனக்கு அது அழுக்காகத் தெரிந்தது. ஆய்வகத்துத் தராசில் எடை போட்டேன், 11.634 கிராம். இந்த ரூபாயின் அசல் எடை 11.66, ஆகவே தேய்மானம் மிகக் குறைவு. பிறகு வெள்ளிப் பாலிஷைப் பஞ்சில் தொட்டு இரண்டு பக்கமும் பொறுமையாகத் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி ஆனது. மறுபடி எடை போட்டால் 11.603. முப்பத்தொரு மில்லிகிராம்தானே என்று நினைத்தேன்.

அந்த வாரமே ஒரு மூத்த சேகரிப்பாளரிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் காசை ஓரத்தில் பிடித்து, ஒற்றை பல்புக்கு அடியில் மெதுவாகச் சாய்த்துச் சுற்றினார். லென்ஸைக்கூட எடுக்கவில்லை. "ஏம்ப்பா, நல்லா இருந்த காச இப்படிப் பண்ணி வச்சிருக்க?" என்றார். வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டேன். "வெள்ளி விலைக்குன்னா எடுத்துக்கிறேன்" என்றார்.

அந்த முப்பத்தொரு மில்லிகிராமை அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரூபாயின் விட்டம் சுமார் 30.5 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து 14.6 சதுர சென்டிமீட்டர் பரப்பு. அந்தக் கலப்பு வெள்ளியின் அடர்த்தி ஏறக்குறைய 10.3. வகுத்துப் பார்த்தால் நான் சுரண்டியெடுத்த அடுக்கின் கனம் சராசரியாக இரண்டு மைக்ரான். தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்கு இருக்கும். ஆனால் காசின் மினுமினுப்பு முழுவதும் அந்த ஆழத்தில்தான் இருக்கிறது. அச்சு அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நகர்ந்து மயிரிழை போன்ற வரிகளை விட்டுப்போகும். புழங்காத காசைச் சாய்த்தால் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் சுழல்வது போல ஒளி சுற்றி ஓடுவது அந்த வரிகளால்தான். பெரியவர் தேடியது அதைத்தான். என் காசில் ஒளி சுற்றவில்லை, மொத்தமாக ஒரே பக்கம் அடித்தது. கூடவே ஒரே திசையில் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள்.

1862 என்றதும் இன்னொன்று. உங்கள் ரூபாய்களில் விக்டோரியா தலை இருந்தால் ஆண்டைக் கவனியுங்கள். 1862 என்ற ஆண்டை மாற்றாமலே அதற்குப் பிறகும் பல வருஷம் ரூபாய் அடித்தார்கள். பம்பாய் நாணயச்சாலையில் எந்த வருஷத்து அடிப்பு என்று காட்ட ஆண்டுக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் சேகரிப்பாளர்கள் வகை பிரிக்கிறார்கள், சில வகைகள் அரிது. வருஷா வருஷம் பூஜைக்குத் திருநீறு போட்டுத் தேய்த்த ரூபாய்களில் இந்தப் புள்ளிகள் மழுங்கி, இருந்ததா இல்லையா என்றே சொல்ல முடியாமல் போயிருக்கும். திருநீறு மென்மையானது என்று நினைக்கிறோம். வெள்ளிக்கு அதுவும் நுண்மணல்தான். பற்பசையும் அப்படியே.

அலுமினியத் தாள், சோடா உப்பு, வெந்நீர் வைத்துச் செய்யும் முறையைப் பற்றியும் கேட்பீர்கள், வீடியோக்களில் அதுதான் அதிகம். தேய்ப்பதை விட அது மேல், உண்மை. கறுப்பாகத் தெரியும் வெள்ளி சல்பைடை அது மறுபடி வெள்ளியாக்குகிறது, கீறலும் விழாது. ஆனால் திரும்பி வரும் வெள்ளி பழைய இடத்தில் பழைய ஒழுங்கில் போய் உட்காராது, நுண்துளைகளோடு பொலபொலவென்று படியும். காசு சுண்ணாம்பு அடித்த மாதிரி செத்த வெள்ளையாக நிற்கும். ஸ்பூனுக்குச் செய்யுங்கள், காசுக்கு வேண்டாம்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அடுத்து வருவதில் ஆளுக்கு ஆள் கருத்து மாறும். புழங்காத வெள்ளிக் காசைத் தேர்ந்த ஒருவர் சில நொடி மட்டும் கறுப்பைக் கரைக்கும் திரவத்தில் முக்கி எடுத்தால், காசுக்குத் தரமதிப்பெண் போடும் சர்வதேச நிறுவனங்கள் அதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றன. பாலிஷ் போட்டதற்குத்தான் தரமதிப்பெண் இல்லாமல், சுத்தம் செய்யப்பட்டது என்று அட்டையில் எழுதிவிடுவார்கள். மண்ணிலிருந்து எடுத்த பழங்காசுகளுக்கு விதியே வேறு. வைகைக் கரையில் கிடைக்கும் சின்னச் செப்புக் காசுகள் மண் கட்டியாகத்தான் வரும், சுத்தம் செய்யாமல் அதில் மீனா எருதா என்றே தெரியாது. அங்கே கேள்வி எவ்வளவு சுத்தம், எங்கே நிறுத்துவது என்பதுதான். கரடுமுரடான மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்து, லென்ஸுக்கு அடியில் கருவேலமுள்ளால் துளித்துளியாக எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முள் செம்பை விட மென்மை, அதனால் கீறாது. (மண்ணிலிருந்து கிடைத்தது பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் என்றால் 1878-ஆம் வருஷப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். உங்களுடையது தாத்தாவின் பெட்டி, அந்தக் கவலை இல்லை.)

எவ்வளவு விலை குறையும் என்பதற்கும் ஒரே பதில் கிடையாது. காசைப் பொறுத்தது. உங்கள் ஐந்தில் 1940-களின் ஆறாம் ஜார்ஜ் ரூபாய் இருந்து, அது நன்றாகத் தேய்ந்ததாகவும் இருந்தால், பெரிய இழப்பு வராது. 1940-இலிருந்து ரூபாயில் வெள்ளி பாதிதான், தேய்ந்த காசு எப்படியும் அந்த வெள்ளியை ஒட்டிய விலைக்குத்தான் போகும். இழப்பு அதிகம் வருவது நல்ல நிலையில் இருக்கும் காசுக்கு. பெட்டியில் துணியில் முடிந்து வைத்த காசுகளில் அப்படி ஒன்றிரண்டு இருக்க வாய்ப்பு உண்டு, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரே சீராக இருக்கும் காசுக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம். பச்சை இருப்பதை மட்டும் தனியே எடுத்து, லென்ஸ் வைத்து அது எந்தப் பச்சை என்று பாருங்கள். வழவழப்பாக, கெட்டியாக, காசோடு காசாக ஒட்டியிருக்கும் கரும்பச்சை படலம்தான், அதைத் தொடாதீர்கள். பிசுபிசுப்பாக இருந்தால் அது எண்ணெயும் பூஜைச் சாமானும் செம்போடு சேர்ந்தது, அல்லது மலிவான பிளாஸ்டிக் உறையிலிருந்து வந்தது. குங்குமம், சந்தனம், விளக்குப் புகை ஏறிய காசுகள் நம் பக்கம் அதிகம். இந்த வகை அழுக்கு போகும். முள்ளால் தொட்டால் வெளிர்பச்சைத் தூளாக உதிர்ந்து, கீழே குழி தெரிந்தால் அது நான் மேலே சொன்ன நோய். அந்தக் காசை உடனே மற்றதிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். அதற்கான ரசாயன வைத்தியத்தை வீட்டில் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

பிசுபிசுப்பான அழுக்குக்கு அசிட்டோன். லேப் கெமிக்கல் விற்கும் கடையில் சுத்தமான அசிட்டோன் கேட்டு வாங்குங்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். பிளாஸ்டிக் கிண்ணமும் வேண்டாம், சில வகை கரைந்து காசின் மேலேயே படிந்துவிடும். இரண்டு கண்ணாடிக் கிண்ணம் எடுத்து மொட்டைமாடி போலக் காற்றோட்டமான இடத்துக்குப் போங்கள். அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் பக்கத்தில் கூடாது, அதன் ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும். முதல் கிண்ணத்தில் காசு மூழ்கும் அளவு ஊற்றி, ஒவ்வொரு காசாக அரை மணி நேரம் வையுங்கள். ஒன்றோடொன்று உரசக் கூடாது. அழுக்கு கலங்கி வந்தால் இரண்டாவது கிண்ணத்தில் புது அசிட்டோனில் அலசி, பஞ்சுத் துணிமேல் வைத்துவிடுங்கள், தானாக உலர்ந்துவிடும். துடைக்கக் கூடாது. இவ்வளவு செய்துவிட்டுத் துடைத்துக் கீறல் போடுகிறவர்கள்தான் அதிகம்.

சந்தனம், மண் போன்றவை அசிட்டோனுக்கு அசையாது, அதற்குத் தண்ணீர் வேண்டும். மதுரைப் பக்கத்து ஆழ்துளைத் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பே போதும் காசைக் கெடுக்க. டிஸ்டில்டு வாட்டர் என்று எழுதிய கேன் வாங்குங்கள். பேட்டரி கடையில் கேட்டால் அமிலக் கேனை எடுத்துத் தந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, மறுநாளும் பாருங்கள். வெள்ளியை ஒரு வாரம்கூட வைக்கலாம். செம்பில் நிறம் மாறுவதாகத் தோன்றினால் உடனே எடுத்துவிடுங்கள். கடைசியாக ஒரு முறை அசிட்டோனில் முக்கினால் தண்ணீர் மிச்சமில்லாமல் போய்விடும். இதெல்லாம் முடிந்தும் காசு கறுப்பாகத்தான் இருக்கும். மேலே ஒட்டியிருந்த அழுக்கு மட்டும் போயிருக்கும், நமக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைக்கச் சொல்பவர்களும் உண்டு. எண்ணெயிலும் கொஞ்சம் அமிலம் இருக்கிறது, செம்பை மெதுவாகக் கருமையாக்கும். பொறுமையை வீணடிக்க அதைவிடப் பல வழிகள் இருக்கின்றன.

இனி அந்த இரண்டு காலணா. உடனே டிஸ்டில்டு வாட்டரில் போடுங்கள், உப்பை வெளியேற்றுவதுதான் முதல் வேலை. தினமும் தண்ணீரை மாற்றி நான்கைந்து நாள் வையுங்கள். பிறகு அசிட்டோனில் முக்கி உலர்த்தி, தனித்தனிக் காகித உறையில் வையுங்கள். போன படலம் திரும்பி வராது. புதிதாக ஒன்று வளரும், முதலில் திட்டுத்திட்டாக இருக்கும், வருஷக்கணக்கில் ஓரளவு சீராகும். முட்டை மஞ்சள் வைத்தோ கந்தகம் வைத்தோ சீக்கிரம் கறுக்க வைக்கும் வித்தைகள் இருக்கின்றன. அப்படிக் கறுப்பேற்றியதும் லென்ஸில் தெரிந்துவிடும், அதற்குப் பிறகு வாங்குகிறவருக்கு உங்கள் மற்ற காசுகள் மேலும் சந்தேகம் வரும். விற்கும்போது இந்த இரண்டும் தேய்த்தவை என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

படத்தை வைத்து விலை சொல்ல என்னால் முடியாது, ஒளி சுற்றுகிறதா என்பது படத்தில் பிடிபடாது. ஆனால் ஆண்டு எழுதிய பக்கத்தை நெருக்கமாக, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்துப் போட்டால், 1862 இருக்கும் பட்சத்தில் புள்ளிகளை எண்ணிச் சொல்கிறேன். படம் எடுப்பதற்காகக்கூடத் துடைக்காதீர்கள்.